மூன்றாவது மாடிக்கு ஆறு வரி

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில் நான் ஒரு வெள்ளிக்கிழமை சண்டை போட்டேன். மறுநாளுக்கு அடுத்த நாள் அதே மூன்றாவது மாடிக்கு ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்தேன். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபம் அப்படியேதான் இருந்தது.

சண்டை ஒரு புடவைக்காக. என் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். அதற்கு நான் கட்டிக்கொள்ள ஒரு பட்டுப்புடவை எடுத்து, அங்கேயே ஃபால் வைக்கக் கொடுத்திருந்தேன். புடவையின் கீழ்க்கரையில் உள்பக்கமாக ஒரு துணிப்பட்டை வைத்துத் தைப்பார்களே, அதுதான். முந்தானை ஓரத்துக்கு பீக்கோவும் அடித்துத் தர வேண்டும். சீட்டில் புதன்கிழமை என்று எழுதிக் கொடுத்தார்கள். புதன்கிழமை போனால் இன்னும் வரவில்லை என்றார்கள். வெள்ளிக்கிழமை மறுபடி போனேன். கவுன்ட்டர் முன்னால் கும்பல், எல்லோர் கையிலும் சீட்டு, எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி. உள்ளே ஒரே ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு பைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி நேரம் நின்றேன். முதல் ஒரு மணி நேரம் பொறுமையாக நின்றேன் என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு சத்தம் போட்டேன். “நாளைக்கு விசேஷம். நான் இன்னா பண்ணட்டும், ஃபால் இல்லாமயே சுத்திக்கினு போகட்டுமா?” என்று கத்தினேன். பல்லவன் பஸ் காலத்திலிருந்து சேர்த்து வைத்த சென்னைத் தமிழ் எனக்குக் கோபத்தில்தான் முழுசாக வெளியே வரும். அந்தப் பெண்மணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். இருபது நிமிடத்தில் என் புடவை வந்தது. என் பக்கத்தில் எனக்கு முன்னாலிருந்தே நின்றுகொண்டிருந்த ஒரு வயதான அம்மாளின் புடவை வரவில்லை. அப்போது அதை நான் கவனித்தேன், ஆனால் கவலைப்படவில்லை.

அந்த இரண்டு மணி நேரத்தில் வேறு ஒன்றையும் கவனித்தேன். இது பழைய வேலைப் பழக்கம். என் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒன்பது வருடம் அடையாறில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் கொடுக்கும் கவுன்ட்டரை நடத்தியவள் நான். டாக்டர் இன்றைக்கே பார்க்கப்போகிறவர் யார், அடுத்த வாரம் பார்க்கப்போகிறவர் யார் என்று பிரித்து வைத்தால்தான் அங்கே மண்டை உடையாமல் இருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. பட்டுப்புடவைகளுக்குக் கையால் ஃபால் தைக்கும் பெண்கள் பக்கத்துத் தெருக்களில் வீட்டிலிருந்தே தைக்கிறார்கள். காலையில் மூட்டை போகிறது, மாலையில் திரும்பி வருகிறது. எந்தப் புடவை முதலில் போக வேண்டும் என்றால், முதலில் கொடுத்தது முதலில். தீபாவளிக்கு இப்போதே எடுத்து பீரோவில் வைக்கப்போகிறவர் புடவையும் நாளை மறுநாள் மணையில் உட்காரப்போகிறவர் புடவையும் ஒரே வரிசை. எல்லாச் சீட்டிலும் ‘நான்கு நாள்’ என்றே எழுதுகிறார்கள். பிறகு சத்தம் போடுகிறவருக்கு வரிசை மாறுகிறது.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். மாமனார் படுத்த படுக்கையானபோது வேலையை விட்டேன். ஐந்து வருடம் அவரைப் பார்த்துக்கொண்டேன். அவர் போய் ஒரு வருடம் ஆயிற்று. அந்த ஒரு வருடமும் வேலை தேடினேன். எங்கே அனுப்பினாலும் பதில் இல்லை. பதில் வந்த இரண்டு இடத்திலும் ‘இந்த ஐந்து வருட இடைவெளியில் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டார்கள். ஒரு மனிதரை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைத்தேன் என்று சொன்னால் அதற்கு அவர்கள் படிவத்தில் கட்டம் இல்லை. வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் நாற்பத்தேழு வயதில் இனி என்னை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள் என்ற நினைப்பு வந்துவிட்டது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் துடைக்கும்போதெல்லாம் அந்த நினைப்பு வரும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆகவே விளம்பரத்தைப் பார்த்ததும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது மாடிக்கு வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் தேவை, விண்ணப்பங்களை மேனேஜருக்கு மெயில் செய்யவும் என்று போட்டிருந்தது. நான் எழுதியது இரண்டு பக்கம். என் மகளிடம் காட்டினேன். அவள் ஒரு மென்பொருள் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில்தான் இருக்கிறாள். ஒரு நாளைக்கு எத்தனை விண்ணப்பம் பார்க்கிறாளோ, படிக்கும்போது அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது. என்னுடையதைப் படித்தபோது தெரிந்தது.

“அம்மா, இது விண்ணப்பம் இல்ல. கம்ப்ளெயின்ட்.”

“உள்ளதத்தான எழுதியிருக்கேன்.”

“உள்ளத எழுதினா எடுத்துப்பாங்களா? எது தப்புன்னு அவங்களுக்கே தெரியும். எப்படிச் சரி பண்றதுன்னு ஒரே ஒரு விஷயம் சொல்லு. அதையும் மெயில்ல சொல்லாத. ஒரு பக்கத்துல செஞ்சு காட்டு. மெயில் ஆறு வரிக்கு மேல போகக் கூடாது.”

“ஆறு வரில நான் யாருன்னே சொல்ல முடியாதே.”

“நீ யாருன்னு அந்த ஒரு பக்கம் சொல்லும்மா.”

பெற்ற பெண்ணிடம் தோற்பது எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

‘வணக்கம். உங்கள் மூன்றாவது மாடி வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். ஒன்பது வருடம் ஒரு ஸ்கேன் சென்டரின் ரிப்போர்ட் கவுன்ட்டரை நடத்தியிருக்கிறேன். சென்ற வாரம் உங்கள் ஃபால் கவுன்ட்டரில் வாடிக்கையாளராக இரண்டு மணி நேரம் நின்றேன். அங்கே கூட்டம் சேர்வதற்குக் காரணம் ஆள் குறைவு அல்ல, எந்தப் புடவை முதலில் தைக்கப்பட வேண்டும் என்பது சீட்டில் இல்லாததுதான் என்று நினைக்கிறேன். ஒரு வரி சேர்த்த மாதிரிச் சீட்டை இணைத்திருக்கிறேன். பயன்படும் என்று தோன்றினால் பத்து நிமிடம் நேரில் வந்து விளக்குகிறேன்.’

இணைத்த பக்கத்தில் அவர்கள் சீட்டையே ஸ்கேலால் கோடு போட்டு வரைந்து, ‘புடவை எந்தத் தேதிக்கு வேண்டும்?’ என்று ஒரு கட்டம் சேர்த்திருந்தேன். மூன்று நாளுக்குள் என்றால் பையில் குத்தும் நகல் சீட்டின் மூலையில் சிவப்பு, இந்த வாரம் என்றால் மஞ்சள், மற்றதெல்லாம் வெள்ளை. காலை மூட்டையில் சிவப்பு முதலில் போகும். அலமாரித் தட்டுகளைக் கொடுத்த தேதிப்படி அடுக்காமல் வாங்கும் தேதிப்படி அடுக்க வேண்டும். அவ்வளவுதான். புது ஆள் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், இரண்டு ஸ்கெட்ச் பேனா போதும் என்று கீழே எழுதினேன். எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. திங்கட்கிழமை காலை அனுப்பிவிட்டு அன்று முழுவதும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பட்டுப்புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டைலர் கடை. பாய் இருபது வருடமாக எனக்குத் தைக்கிறார். என் உடம்பு ஏறியதும் இறங்கியதும் டாக்டரைவிட அவருக்குத்தான் தெரியும். அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தேன்.

“எப்ப வேணும்க்கா?”

“வியாழக்கிழமை பாய். வெள்ளிக்கிழமை காலைல நிச்சயதார்த்தம்.”

“ஆயிடும்க்கா,” என்று சொல்லி அவர் நோட்டில் குறித்துக்கொண்டார். நான் கடையை விட்டு இறங்கி நடந்தேன். சந்து திரும்பும் இடத்தில், இளநீர் வண்டிப் பக்கத்தில், கால் நின்றுவிட்டது.

நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டுமென்றால் வியாழக்கிழமை என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் சனிக்கிழமை கிடைக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இந்த ஊரில் டைலரிடம் யாராவது நிஜத் தேதி சொல்லி நான் கேட்டதில்லை. என் அம்மா சொன்னதில்லை, என் நாத்தனார் சொன்னதில்லை, மூக்குத்தி முதல் மிக்ஸி ரிப்பேர் வரை நாங்கள் எல்லோரும் இரண்டு மூன்று நாள் முன்னதாகத்தான் சொல்கிறோம். சொல்லும்போது அது பொய் என்றே தோன்றாது. நான் கவுன்ட்டரில் ‘நாளைக்கு விசேஷம்’ என்று கத்தினேனே, அதுவும் அப்படித்தான். அன்றைக்கு நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

இப்படிப்பட்ட நான்தான் ‘புடவை எந்தத் தேதிக்கு வேண்டும்?’ என்று ஒரு கட்டம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். எவள் அந்தக் கட்டத்தில் உண்மையை எழுதுவாள்? எல்லோரும் நாளைக்கு என்பார்கள். எல்லாச் சீட்டும் சிவப்பாகும். காலை மூட்டை எப்போதும் போலத்தான் போகும், ஸ்கெட்ச் பேனா செலவுதான் மிச்சம். வெயிலில் நின்றபடி எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பல வருடமாகக் கடை நடத்துகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்து எப்படிச் சிரிப்பார்கள் என்று கண்முன்னால் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “அப்ப தேதி கேக்காத. என்ன விசேஷம்னு கேளு,” என்றார். எதற்கும் அரை வாக்கியத்துக்கு மேல் பேசாத மனிதர். திரும்பப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

அதுதான் சரி. தேதியில் பொய் சொல்வோமே தவிர விசேஷத்தில் சொல்ல மாட்டோம். யாருக்கு வளைகாப்பு, எந்த மண்டபம், எத்தனை மணிக்கு முகூர்த்தம் என்று கேட்டால் கேட்காததையும் சேர்த்துச் சொல்வோம். தேதி அதிலேயே வந்து விழுந்துவிடும். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் புடவை தயார் என்று கடை எழுதிக் கொடுத்தால் யாருக்கும் பொய் சொல்லும் அவசியமும் இல்லை. கட்டத்தை அழித்து ‘என்ன விசேஷம்? என்றைக்கு?’ என்று மாற்றி வரைந்தேன். அதை அனுப்ப இரண்டாவது மெயில் எழுதியபோதுதான் மகள் அலுவலகத்திலிருந்து வந்தாள்.

“அனுப்பாத. அவங்க இன்னும் முதல் மெயிலப் பார்த்திருக்கவே மாட்டாங்க. நீயே போய் தப்புன்னு சொல்லுவியா?”

“பார்த்திருந்தா?”

“பார்த்திருந்தாலும் தப்புன்னு தெரியாதும்மா. உனக்கே இன்னிக்குத்தானே தெரிஞ்சுது.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. தொழில் தெரிந்தவள். ஆனால் தவறான ஸ்கேன் ரிப்போர்ட் ஒன்று என் கையால் வெளியே போய், நோயாளி வீட்டுக்குப் போகும் முன் ஆட்டோ பிடித்துத் துரத்திக்கொண்டு போய்த் திரும்ப வாங்கியவள் நான். வெளியே போன தாள் என் தலைக்குள் உறுத்திக்கொண்டே இருக்கும், தூக்கம் வராது. அனுப்பினேன். ‘நேற்று அனுப்பிய சீட்டில் தவறு இருக்கிறது. இன்று என் டைலரிடம் நானே தேதியில் பொய் சொன்னேன், உங்கள் வாடிக்கையாளர்களும் சொல்வார்கள். தேதியைக் கேட்காமல் விசேஷத்தைக் கேட்கும்படி சீட்டை மாற்றி இணைத்திருக்கிறேன்.’ மூன்றே வரி. மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை பாயிடம் போனேன், ஜாக்கெட் வெட்டக்கூட இல்லை. அவர் எந்தக் கூச்சமும் இல்லாமல் “சனிக்கிழமைக்கா,” என்றார். நானும் கோபப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன். வேலை விஷயத்தில் ஆசையை விட்டுவிட்டேன். அப்படிச் சொல்வதுதான், விட்டுவிட்டவள் ஒரு மணிக்கு நாலு தரம் மெயிலைத் திறந்து பார்ப்பாளா?

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் போன் வந்தது. மேனேஜர்தான் பேசினார்.

“உங்க ரெண்டு மெயிலும் பார்த்தேம்மா. மொதல்ல வந்தத அப்படியே ஓரமா வெச்சுட்டேன். அதே கட்டத்த நாங்க ரெண்டு வருஷம் முன்னாடி போட்டுப் பார்த்தாச்சு. எல்லாரும் நாளைக்குன்னாங்க.”

“சார், அதான் ரெண்டாவது…” என்றேன்.

“அதுக்குத்தான் போன் பண்றேன். நாங்க அந்தக் கட்டத்தையே எடுத்துட்டோம். கேள்விய மாத்தணும்னு தோணல. நாளைக்கு சனிக்கிழமை, கூட்டம் இருக்கும். காலைல வந்து கவுன்ட்டர்ல உக்காந்து நீங்களே கேட்டுப் பாருங்களேன். ஒரு அரை நாள்.”

சரி என்று சொல்லி போனை வைத்தேன். அப்புறம்தான் யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை பனகல் பார்க் நிறுத்தத்தில் இறங்கி, கடையின் பின்வாசல் வழியாக மூன்றாவது மாடிக்குப் போனேன். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிய அதே பெண்மணி. என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார்.

“இன்னாமா, நீதான அன்னிக்கு அந்தச் சத்தம் போட்ட?”

“நான்தாங்க.”

“மறுநாள் விசேஷம்னியே. நல்லா நடந்துச்சா?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பொய்யை வைத்துத்தான் நான் அங்கே வந்து நிற்கிறேன்.

“நாளைக்குத்தாங்க நடக்கப் போகுது,” என்றேன்.

அவர் கவுன்ட்டரில் கையை ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “இருபது நிமிசத்துல உன்து எடுத்துக் குடுத்தேன் பாரு. பக்கத்துல ஒரு கெழவி நின்னுக்கினு இருந்துச்சே, அதுக்குத்தான் மறுநா காலைல கல்யாணம். பேரன் கல்யாணம். வாயே தெறக்கல. கடசியில நான் சாயங்காலம் வூட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். வாழ்நாளில் நான் அந்த வார்த்தையை அதிகம் செலவழித்தவள் இல்லை. “சரி, உக்காரு,” என்று ஸ்டூலை நகர்த்தினார்.

மேனேஜர் சற்றுத் தள்ளி பீக்கோ மெஷின் பக்கம் நின்றுகொண்டார். முதலில் வந்தவர் கைநிறைய வளையல் போட்ட பெண். புடவையை வைக்கும் முன்னாலேயே “நாளைக்கு வேணும்,” என்றார். கவுன்ட்டர்ப் பெண்மணி என் பக்கம் திரும்பினார்.

“நல்ல கலர்ங்க. என்ன விசேஷத்துக்கு?” என்று கேட்டேன்.

“எங்க அண்ணிக்கு வளைகாப்பு. திருவான்மியூர்ல, அவங்க அம்மா வீட்லயே வெக்கிறாங்க. மண்டபம் வேணாம்னுட்டாங்க, நாங்க எவ்ளோ சொல்லியும் கேக்கல. வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி.”

“அப்ப அதுக்கு முன்னாடி புதன்கிழமை வாங்கிக்கிறீங்களா? கையாலேயே நிதானமா தைச்சு வெச்சிடறோம்.”

“புதன்கிழமையா? சரி,” என்றார். நாளைக்கு என்று சொன்னதே அவருக்கு மறந்துபோயிருந்தது. வெள்ளைச் சீட்டு. அடுத்தவர் கிரகப்பிரவேசம், அடுத்தவர் பள்ளி ஆண்டுவிழாவில் டீச்சர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கட்டுவதற்கு. கேட்டால் போதும், கொட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் நாளைக்கு என்று வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அடுத்த வாரத்துக்கும் அதற்கு அடுத்த வாரத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். கவுன்ட்டர்ப் பெண்மணி சீட்டுகளைத் தனித்தனித் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு ஒரு மனிதர் தனியாக வந்தார். அறுபது இருக்கும். கையில் ஒரு சாதாரணக் காட்டன் புடவை. “நாளைக்குக் கிடைக்குமாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“என்ன விசேஷம் சார்?”

“விசேஷம் எதுவும் இல்லம்மா.” அவர் புடவையைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவது போல் கையை வைத்தார். நான் அவசரமாக, “எதுக்குக் கட்டப் போறாங்க?” என்று கேட்டேன்.

“வீட்டுக்கு வர்றதுக்கு. நாளைக்குக் காலைல டிஸ்சார்ஜ். ஒன்றரை மாசமா ஆஸ்பத்திரி கவுன்லயே இருக்கா. ஃபால் இல்லாம அவ கட்ட மாட்டா. ஜாக்கெட் வீட்ல இருக்கு, இதே கலர்ல.”

நான் சிவப்பு ஸ்கெட்சை எடுத்தேன். சீட்டின் மூலையில் தேய்க்கும் முன்பே கவுன்ட்டர்ப் பெண்மணி புடவையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “காட்டன்தான, மெஷின்லயே போட்டுடலாம். மூட்டைல எதுக்கு அனுப்பிக்கினு,” என்று தானே மெஷின் முன்னால் உட்கார்ந்தார். கலர் பார்த்து ஒரு ஃபால் பட்டையை உருவினார். அரை மணி நேரத்தில் மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அந்த மனிதர் நன்றி என்றுகூடச் சரியாகச் சொல்லவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். கூட்டம் குறைந்திருந்ததால்தான் அந்த அரை மணி நேரம் கிடைத்தது. போன சனிக்கிழமை என்றால் அவருக்கு நான்கு நாள் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள், அவரும் பேசாமல் போயிருப்பார்.

நான் என் மாதிரிச் சீட்டை எடுத்து, ‘என்ன விசேஷம்?’ என்பதை அடித்துவிட்டு, ‘எதற்குக் கட்டப் போகிறீர்கள்?’ என்று பேனாவால் எழுதினேன். மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார்.

“ரெண்டாவது தடவையா மாத்துறீங்க.”

“இன்னும் மாறும் சார்.”

“மாறட்டும். திங்கட்கிழமை காலைல ஒன்பதரைக்கு வந்துடுங்க. முகூர்த்த சீசன் வருது, அதுக்குள்ள எல்லாச் சீட்டும் புதுசா அச்சடிக்கணும்.”

“திங்கட்கிழமைன்னா திங்கட்கிழமைதானா சார்?” என்று கேட்டுவிட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. கவுன்ட்டர்ப் பெண்மணிக்குப் புரிந்தது. “நெசமாவே திங்கக்கிழமதான்மா. நான் சாட்சி,” என்றார்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபடி அழுதேன். துக்கம் ஒன்றும் இல்லை. ஒரு வருடமாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ இறங்கிப்போன மாதிரி இருந்தது. வந்த முதல் பஸ்ஸை விட்டுவிட்டேன், இரண்டாவதில் ஏறினேன். மகளுக்கு போன் செய்தேன். “ரெண்டாவது மெயில் அனுப்பாதன்னு சொன்னது யாரு?” என்று கேட்டேன். “நான்தான்,” என்றாள். “ஆறு வரின்னு சொன்னதும் நான்தானே,” என்று சேர்த்துக்கொண்டாள். அதை ஒத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பாய் கடைக்குப் போனேன். ஜாக்கெட் தயாராக மாட்டியிருந்தது.

“நாளைக்குத்தானக்கா நிச்சயதார்த்தம்?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீங்கதான வெள்ளிக்கிழமைன்னு சொன்னீங்க,” என்றார், சிரிக்காமல்.

பையிலிருந்து ஒரு காட்டன் ஜாக்கெட் துணியை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். வரும் வழியில் வாங்கியது. வீட்டில் நல்ல புடவை இருந்தும் அதற்குத் தோதான ஜாக்கெட் இல்லை. பழையதெல்லாம் ஐந்து வருடத்தில் பற்றாமல் போயிருந்தது. பாய் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

“எப்ப வேணும்க்கா?”

“திங்கட்கிழமை காலைல பாய்.” அவர் நோட்டில் எழுத ஆரம்பித்தார். புதன்கிழமை என்று எழுதுகிறார் என்பது தலைகீழாகவே தெரிந்தது. நான் அவர் கையைப் பார்த்தபடி சொன்னேன். “எதுக்குன்னு கேளுங்க.”

அவர் நிமிர்ந்தார். “எதுக்குக்கா?”

“வேலைக்குப் போறேன். மொதல் நாள்.”

பாய் எழுதியதை அடித்தார். எட்டு மணிக்கு வரச் சொன்னார். அவர் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும், இருபது வருடமாக அதில் மாற்றமில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் போனபோது ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. பாய் என் ஜாக்கெட்டுக்குக் கடைசிக் கொக்கியைத் தைத்துக்கொண்டிருந்தார்.